போட்டோவில் வந்த சீட்டு நேரா, தலைகீழா? (தூரத்து நண்பருக்கு டாரோ பார்ப்பவர்கள் வரவும்)

கயல் | 8 ஜூன் 2024, இரவு 9:40

தூரத்தில் இருப்பவருக்கு டாரோ பார்க்கும்போது தலைகீழ்ச் சீட்டைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

தோழி டொரண்டோவில், நான் மதுரையில். இருவரிடமும் ஒரே ரைடர்-வெய்ட் கட்டு. அவளே கலைத்து, வெட்டி, மூன்று சீட்டை வரிசையாக வைத்து வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவாள். இடமிருந்து வலமாக நடந்தது, நடப்பது, வரப்போவது. போன வாரக் கேள்வி: வேறு ஊரில் கிடைத்த வேலைக்கு டொரண்டோவை விட்டுக் கிளம்பலாமா?

எனக்கு வந்த படத்தில் இருந்தது: பென்டகிள்ஸ் ஏஸ் தலைகீழ், நடுவில் ஹெர்மிட் நேர், கடைசியில் ஸ்வோர்ட்ஸ் ஆறு தலைகீழ். கைக்கு வந்த வாய்ப்பு நழுவிவிட்டது, இப்போது தனியாக உட்கார்ந்து யோசிக்கிற நேரம், படகு கரையை விட்டு நகராது என்று சொல்லி முடித்தேன். அவள் பதில்: "என்னடி சொல்ற, எனக்கு ஏஸ் நேராத்தானே விழுந்துச்சு?"

இது இரண்டாவது தடவை. நேர், தலைகீழ் என்பது உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத்தான். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த படத்துக்கு மேல் எது, கீழ் எது?

---

சேது | 8 ஜூன், இரவு 10:15

ரொம்ப சிம்பிள். முன் கேமராவில் எடுத்திருப்பாங்க. செல்ஃபி கேமரா கண்ணாடி மாதிரி திருப்பிப் போடும். பின் கேமராவில் எடுக்கச் சொல்லுங்க, முடிஞ்சது.

---

ராஜி அக்கா | 8 ஜூன், இரவு 10:52

நான் தலைகீழே பார்ப்பதில்லை, நேரில் வந்தாலும் சரி, போனில் வந்தாலும் சரி. 78 சீட்டு போதாதா, அதை 156 ஆக்கி என்ன செய்யப்போகிறோம்? கயலுக்கு என் ஓட்டு.

---

நிலவன் | 8 ஜூன், இரவு 11:30

சேது, பாதி சரி. கண்ணாடி இடத்தை வலமாக்கும், மேலைக் கீழாக்காது. கண்ணாடி முன் நின்றால் உங்கள் தலை கீழே போகிறதா? முன் கேமரா படத்தைத் திருப்பியிருந்தால் சீட்டுகளின் வரிசை மாறும். ஆனால் நேர்ச் சீட்டு நேராகவேதான் இருக்கும். கயலுக்கு வந்த படத்தில் ஏஸ் தலைகீழாக நிற்கிறது. இது கண்ணாடி வேலை இல்லை.

இன்னொன்று, கண்ணாடிப் படம் ஒளிந்துகொள்ளாது. சீட்டின் அடியில் இருக்கும் பெயர் வலமிருந்து இடமாகக் கிடக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். பெயர் அச்சிடாத கட்டு என்றால் ஹெர்மிட்டின் விளக்கைப் பாருங்கள். ரைடர்-வெய்ட் படத்தில் விளக்கு நமக்கு இடப்பக்கம், தடி வலப்பக்கம். மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது.

கயலின் படம் 180 பாகை சுழன்றிருக்கிறது. சுழன்றால் இரண்டு காரியம் ஒரே சமயத்தில் நடக்கும்: ஒவ்வொரு சீட்டும் தலைகீழாகும், வரிசையும் வலம் இடமாக மாறும். அப்படியானால் அவர் மேசையில் இருந்தது: முதலில் ஸ்வோர்ட்ஸ் ஆறு நேர், நடுவில் ஹெர்மிட் தலைகீழ், கடைசியில் பென்டகிள்ஸ் ஏஸ் நேர். மனதளவில் ஏற்கெனவே கிளம்பியாகிவிட்டது, யாரிடமும் கேட்காமல் தனக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறார், வரப்போவது கையில் காசுள்ள புதுத் தொடக்கம். நீங்கள் சொன்னதற்கு நேர் எதிர்.

கேமராவில் கோளாறு இல்லை. போன் எது மேல் என்று கண்டுபிடிப்பது புவியீர்ப்பை வைத்து. போனைச் சுவரைப் பார்த்துப் பிடித்தால் ஈர்ப்பு போனின் ஏதோ ஒரு விளிம்பை நோக்கி இழுக்கும், அதுதான் கீழ்ப்பக்கம். மேசைக்கு மேலே மல்லாத்திப் பிடித்து நேர் கீழே எடுத்தால் ஈர்ப்பு திரையைத் துளைத்துக்கொண்டு நேராக இறங்கும். எந்த விளிம்பும் கீழ் இல்லை. அப்போது போன் கடைசியாக எப்படிப் பிடித்திருந்தீர்களோ அதையே வைத்துக்கொள்ளும். அல்லது கை லேசாகச் சாய்ந்த பக்கத்தை நம்பும். சாப்பாட்டுத் தட்டைப் போட்டோ எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தட்டு வட்டம் என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை.

---

கயல் | 9 ஜூன், காலை 7:05

அப்படியென்றால் 90 பாகையும் திரும்பலாமே? முதல் தடவை படம் பக்கவாட்டில் வந்தது, நானே திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினேன் என்று இப்போது நினைவில்லை. ஐயோ.

---

நிலவன் | 9 ஜூன், காலை 7:20

அதேதான். 90 பாகையில் வந்ததை நிமிர்த்த இரண்டு வழி உண்டு, அதில் ஒன்று தப்பு. சீட்டில் இருக்கும் எழுத்தும் உதவாது. ஒரு சீட்டு நேர், ஒன்று தலைகீழ் என்று கலந்து கிடந்தால் எப்படித் திருப்பினாலும் ஏதோ ஒரு எழுத்து நேராகத் தெரியும்.

---

பழனி 62 | 9 ஜூன், காலை 8:44

தலைப்பைப் பார்த்து கிளி ஜோசியம் என்று நினைத்து உள்ளே வந்தேன். எங்கள் பக்கம் ஒருவர் இப்போது வாட்ஸ்அப் வீடியோவில் கிளியை விட்டு எடுக்க வைக்கிறார். அதில் நேர், தலைகீழ் கிடையாது. உறைக்குள் இருந்து சாமி படம் வந்தால் வந்ததுதான். சந்தேகம் ஒன்றே ஒன்று: நட்சத்திரம் யாருடையது, கேட்பவருடையதா கிளியுடையதா?

---

ராஜி அக்கா | 9 ஜூன், காலை 9:10

பழனி அண்ணே, நெல்லு தின்னது கிளி, அதனால் கிளியுடையதுதான். இழையைத் திசைதிருப்பாதீர்கள்.

---

முகிலன் | 9 ஜூன், மாலை 6:30

நான் டொரண்டோ பக்கம். அனுப்புகிற பக்கத்தில் இருந்து சொல்கிறேன். கயலின் தோழி படத்தோடு ஏதாவது எழுதி அனுப்பியிருந்தாரா? நான் எப்போதும் படத்துக்குக் கீழே சீட்டின் எண்ணையும் தட்டிவிடுவேன்.

---

கயல் | 9 ஜூன், இரவு 8:02

எழுதியிருந்தாள். இப்போதுதான் மேலே தள்ளிப் பார்த்தேன். "ஸ்வோர்ட்ஸ் 6, அப்புறம் 11, அப்புறம் பென்ட் ஏஸ்." பதினொன்றாம் சீட்டு ஜஸ்டிஸ். படத்தில் ஜஸ்டிஸே இல்லை, ஹெர்மிட்தான் இருக்கிறார். அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டாள் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன்.

---

நிலவன் | 9 ஜூன், இரவு 8:19

அருமை. உங்கள் கேள்விக்கு விடை அந்த ஒரு எண்ணிலேயே இருக்கிறது.

ஹெர்மிட் ஒன்பதாம் சீட்டு, தலையில் IX என்று இருக்கும். அதைத் தலைகீழாகத் திருப்புங்கள். X எப்படித் திருப்பினாலும் X, I-யும் அப்படியே. ஆனால் வரிசை மாறி XI ஆகிவிடும். உங்கள் தோழி கண் முன் ஹெர்மிட் தலைகீழாகக் கிடந்திருக்கிறார். அவர் எண்ணை மட்டும் படித்துப் பதினொன்று என்று தட்டிவிட்டார். அவர் மேசையில் ஹெர்மிட் தலைகீழ், உங்கள் திரையில் நேர். எனவே படம் சுழன்றது உறுதி. வரிசையைக்கூட அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், ஆறு முதலில், ஏஸ் கடைசியில்.

பழைய மார்சேய் கட்டில் இந்தக் குழப்பம் வராது. அங்கே ஒன்பதை VIIII என்றுதான் போடுவார்கள். ஆனால் அங்கே வேறு வம்பு. ஜஸ்டிஸ் எட்டு, ஸ்ட்ரென்த் பதினொன்று. ரைடர்-வெய்ட்டில் இரண்டும் இடம் மாறியவை. ஆளுக்கொரு கட்டு வைத்திருந்தால் எண்ணைச் சொல்லாதீர்கள், பெயரைச் சொல்லுங்கள்.

---

சேது | 9 ஜூன், இரவு 8:40

சரி, கண்ணாடி தியரியை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா கண்ணாடியிலயும் IX திரும்பினா XI தானே?

---

நிலவன் | 9 ஜூன், இரவு 8:44

ஆமாம், அதிலும் XI ஆகும். ஆனால் கீழே பெயரும் திரும்பிக் கிடக்கும், மாட்டிக்கொள்ளும்.

---

கயல் | 9 ஜூன், இரவு 9:15

முதலில் எழுதியதைக் கொஞ்சம் திருத்துகிறேன். தலைகீழ் வேண்டாம் என்பது இல்லை. மேல் எது என்று தெரியாத படத்தில் தலைகீழ் வேண்டாம். இப்போது என்ன செய்யச் சொல்வது? ஓரத்தில் ஒரு நாணயம் வைக்கச் சொல்லட்டுமா?

---

முகிலன் | 9 ஜூன், இரவு 9:38

நாணயம் எந்த மூலையில் என்று இரண்டு பேரும் நினைவு வைத்திருக்க வேண்டும், ஒரு மாதத்தில் மறந்துவிடும். நான் செய்வது துண்டுக் காகிதம். உள்ளங்கையில் பாதி அளவு போதும். அதில் தேதி, கேள்வி இரண்டு சொல்லில், பெரிதாக ஒரு "அ". சீட்டு வரிசைக்குக் கீழே, எனக்கு இடக்கைப் பக்கம், நான் படிக்கிற மாதிரி நேராக வைப்பேன். படம் எப்படிச் சுழன்று போனாலும் பார்ப்பவர் அந்த "அ" நேராகத் தெரிகிற வரை திருப்பினால் போதும். கண்ணாடிப் படம் என்றால் "அ" எப்படித் திருப்பினாலும் நேராகாது, அதுவும் தெரிந்துவிடும்.

எழுத்து வேண்டும், வெறும் எண் வேண்டாம். 11, 69, 88 எல்லாம் தலைகீழாகவும் அப்படியே தெரியும். ஒரு நவம்பரில் 11-11 என்று மட்டும் எழுதி அனுப்பியவன் நான்.

ஒரு எச்சரிக்கை: அனுப்புமுன் அழகுக்காகப் படத்தை வெட்டுவார்கள். முதலில் போவது துண்டுக் காகிதம்தான்.

---

நிலவன் | 9 ஜூன், இரவு 10:05

முகிலன் சொன்னதோடு இன்னும் இரண்டு. கேமராவைத் திறக்கும்போது போனை நிமிர்த்திப் பிடித்து, திரையில் உள்ள சின்னங்கள் நேராக நிற்பதைப் பார்த்துவிட்டு, அப்புறம் மெதுவாகக் கவிழ்க்க வேண்டும். பெரும்பாலும் சரியாக வரும். திரை சுழல்வதை நிறுத்தி வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள்; பல போன்களில் அது திரையை மட்டும்தான் நிறுத்தும், கேமரா தன் போக்கில் படத்தைத் திருப்பும்.

வாட்ஸ்அப்பில் HD என்று தேர்ந்து அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாகப் போனால் பத்துச் சீட்டுப் படத்தில் ரோமன் எண்கள் கரைந்துவிடும். VI, VII எது என்று கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். மூன்று சீட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

---

ராஜி அக்கா | 10 ஜூன், காலை 6:50

இவ்வளவும் மூன்று சீட்டு வரிசையால் வந்த வினை. செல்டிக் கிராஸ் போட்டால் படமே காட்டிக்கொடுக்கும். சிலுவை இடப்பக்கம், நான்கு சீட்டுத் தூண் வலப்பக்கம். தூண் இடப்பக்கம் வந்திருந்தால் படம் சுழன்றிருக்கிறது என்று குழந்தைகூடச் சொல்லும். நான் தலைகீழ் பார்க்காவிட்டாலும் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

---

நிலவன் | 10 ஜூன், காலை 8:30

அக்கா சொல்வது முழுக்கச் சரி. மூன்று சீட்டு வரிசையை எப்படித் திருப்பினாலும் மூன்று சீட்டு வரிசை. செல்டிக் கிராஸ் அப்படி இல்லை. மூன்றையே வளைத்துப் போடலாம், நடுச் சீட்டை அரைச் சீட்டு உயரம் மேலே தள்ளி வைத்தால் போதும். சுழன்று வந்தால் அது கீழே தொங்கும்.

பத்துச் சீட்டுக்கு இடம்தான் பிரச்சினை. சீட்டு ஒவ்வொன்றும் சுமார் 7 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். தூணில் நான்கு, அதுவே இடைவெளியோடு அரை மீட்டரைத் தொடும். அகலம் 40 செ.மீ. வரும். போனை ஏறத்தாழ 60 செ.மீ. உயரத்தில் பிடித்தால்தான் எல்லாம் அடங்கும், வீடியோ என்றால் இன்னும் கொஞ்சம் மேலே. நாற்காலியில் உட்கார்ந்தபடி எடுத்தால் கை எட்டாமல் போன் சாயும். சாய்ந்தால் தூரத்துச் சீட்டு சிறுத்து, அருகில் உள்ளது பெருத்துத் தெரியும். எழுந்து நின்று எடுக்கச் சொல்லுங்கள்.

---

கயல் | 16 ஜூன், காலை 11:20

"அ" காகிதத்தோடு நேற்று மறுபடி பார்த்தோம். படம் இந்த முறையும் சுழன்றே வந்தது! திருப்பிக்கொண்டேன், வரிசை சரியாக இருந்தது. ஆனால் அவள் திருப்பும்போது வீடியோவில் நானும் இருந்தேன். நடுச் சீட்டு கட்டில் இருந்தபோது எப்படி இருந்தது, மேசைக்கு எப்படி வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம். முதல் சீட்டைப் புத்தகப் பக்கம் புரட்டுகிற மாதிரி திருப்பினாள், இரண்டாவதை மேல் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் கவிழ்த்தாள். இதில் ஏதாவது மாறுமா?

---

நிலவன் | 16 ஜூன், காலை 11:41

மாறும், முழுசாக மாறும். ஒரு சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் புரட்டினால் கட்டில் மேலே இருந்த முனை மேசையிலும் மேலேயே இருக்கும். மேலிருந்து கீழாகக் கவிழ்த்தால் அதே சீட்டு தலைகீழாக விழும். கட்டில் தலைகீழாக இருந்தது நேராகும், நேராக இருந்தது தலைகீழாகும். ஒரே கையில் இரண்டு விதமாகத் திருப்பினால் கலைத்ததற்குப் பொருளே இல்லை. படம் அனுப்புவதற்கு முன்பே கெட்டுப்போய்விட்டது.

எல்லாச் சீட்டையும் பக்கவாட்டில்தான் புரட்டுவது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கலைக்கும்போது கட்டைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை மேசையிலேயே அரைச் சுற்று சுற்றிச் சேர்ப்பது மட்டும்தான் தலைகீழ் உண்டாகிற இடமாக இருக்கட்டும்.

---

முகிலன் | 16 ஜூன், மாலை 7:55

எனக்கே இது புதிது. நான் இத்தனை நாள் எப்படிப் புரட்டினேன் என்று யோசித்துப் பார்த்தேன், பதில் கிடைக்கவில்லை. கை எப்படிப் போகிறதோ அப்படி.

---

ராஜி அக்கா | 16 ஜூன், இரவு 8:12

அந்தக் கைக்குத்தானே சீட்டே விழுகிறது. கவிழ்த்தது கவிழ்ந்தபடி விழட்டும் என்று எடுத்துக்கொண்டால் என்ன?

---

நிலவன் | 16 ஜூன், இரவு 8:30

எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு பேரும் அதையே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கயல் கட்டில் இருந்த நிலையைப் பார்க்கிறார், தோழி விழுந்த நிலையைப் பார்க்கிறார் என்றால் அங்கேதான் சண்டை.

---

சேது | 17 ஜூன், இரவு 9:00

நான் தலைகீழா செய்றேன். கட்டு என்கிட்ட, நண்பன் வீடியோவில. விரிச்சு வச்சு "இடப்பக்கத்தில இருந்து எந்தச் சீட்டு"ன்னு கேப்பேன். அவன் சொல்றத எடுப்பேன். இதில என்ன தப்பு வரும்?

---

முகிலன் | 17 ஜூன், இரவு 10:20

யாருடைய இடம்? உங்கள் போன் எங்கே நிற்கிறது?

---

சேது | 17 ஜூன், இரவு 10:26

எதிர்ல, ஒரு சொம்புக்குச் சாய்ச்சு வச்சிருக்கேன். முன் கேமரா.

---

நிலவன் | 18 ஜூன், காலை 7:15

அப்படியானால் போன் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் மாதிரி. உங்கள் இடம் அவருக்கு வலம். உங்கள் திரையில் உங்களையே கண்ணாடி மாதிரி பார்ப்பதால் எல்லாம் சரியாகத் தெரியும். நண்பருக்குப் போவது கண்ணாடிப் படம் இல்லை. அவர் "இடப்பக்கம் மூன்றாவது" என்றால் உங்களுக்கு வலப்பக்கம் மூன்றாவது. இவ்வளவு நாள் அவர் காட்டிய சீட்டை நீங்கள் எடுக்கவே இல்லை. போதாததற்கு உங்களுக்கு நேராக இருக்கும் எல்லாச் சீட்டும் அவருக்குத் தலைகீழ்.

போனை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். நாலைந்து தடித்த புத்தகத்தை அடுக்கி, போனின் பாதி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்படி வைத்து, மேலே இன்னொரு புத்தகத்தைப் பாரமாக வைத்து, பின் கேமராவால் நேர் கீழே காட்டுங்கள். மூன்று சீட்டுக்கு 30 செ.மீ. உயரம் போதும். அல்லது விரிப்பதையே விட்டுவிட்டு எண் கேளுங்கள்.

---

சேது | 18 ஜூன், காலை 9:30

எண் கேட்டுப் பார்த்தேன். அவன் 7, 31, 7ன்னு சொல்றான். ஏழை ஏற்கெனவே எடுத்தாச்சே!

---

நிலவன் | 18 ஜூன், காலை 9:52

எடுத்த சீட்டு எடுத்ததுதான், மிச்சமிருப்பதில் மேலிருந்து எண்ணுங்கள். முதலில் ஏழாவது. பிறகு மிச்சம் 77 சீட்டில் 31ஆவது. அது முதலில் 32ஆவதாக இருந்தது. மறுபடி ஏழு என்றால் முதலில் எட்டாவதாக இருந்த சீட்டு. தடங்கலே இல்லை. ஆனால் இதைச் சீட்டு எடுக்கும் முன்பே நண்பருக்குச் சொல்லியிருக்க வேண்டும். பிடிக்காத சீட்டு வந்தபின் சொன்னால் நம்பமாட்டார். மூன்றாவது எண்ணுக்கு மேல்வரம்பு 76 என்பதையும் சொல்லிவிடுங்கள், 78 கேட்கிற ஆள் கட்டாயம் வருவார்.

---

ராஜி அக்கா | 18 ஜூன், மாலை 5:40

நான் "நிறுத்து" முறைதான். சீட்டை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போவேன், தங்கச்சி சிங்கப்பூரில் இருந்து "நிறுத்துக்கா" என்பாள். அவள் சொன்னது என் காதில் விழும்போது இரண்டு சீட்டு தாண்டியிருக்கும். முதலில் பின்னால் போய் எடுத்துக்கொடுத்தேன், எந்தச் சீட்டில் சொன்னாள் என்று தகராறு. இப்போது என் காதில் குரல் விழும்போது கையில் இருப்பதுதான் சீட்டு. முதலிலேயே சொல்லிவிடுவேன்.

இன்னொன்று, மேலே ஓடும் ஃபேனை நிறுத்துங்கள். வழவழப்பான சீட்டு மேலே வைக்கும் சீட்டோடு சேர்ந்து வழுக்கும். நிறுத்தாமல் போட்டால் ஒரு நாள் பாதிக் கட்டு பறக்கும். அது போக ட்யூப் லைட்டுக்குக் கீழே இறக்கையின் நிழல் சீட்டின் மேல் சுற்றிச்சுற்றி வரும், பார்ப்பவருக்குத் தலை கிறுகிறுக்கும். வேர்த்தாலும் பத்து நிமிஷம்தானே. ட்யூப் லைட் சீட்டில் வெள்ளைக் கோடாகப் பளிச்சிட்டால், சீட்டைத் தொடாமல் விளக்கைப் பக்கவாட்டுக்கு மாற்றுங்கள். போனின் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

---

பழனி 62 | 18 ஜூன், இரவு 7:30

ஃபேனை நிறுத்தாமல் விட்டால் பறக்கிற சீட்டில் முதலில் விழுவதை எடுத்துச் சொல்லலாமே. கிளி செலவு மிச்சம்.

---

கயல் | 23 ஜூன், இரவு 9:00

பழைய படத்தைத் திருப்பி வைத்து முழுவதும் மறுபடி பார்த்துச் சொல்லிவிட்டேன். ஸ்வோர்ட்ஸ் ஆறு நேர், ஹெர்மிட் தலைகீழ், ஏஸ் நேர். "யாரிடமும் கேட்காமல் உள்ளேயே வைத்திருக்கிறாயா" என்றதும் ஐந்து நிமிடம் பதிலே இல்லை.

ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். அந்த ஹெர்மிட்டை அவள் எப்படிப் புரட்டினாள் என்று எனக்குத் தெரியாது, படம் மட்டும்தான் வந்தது. கட்டில் நேராக இருந்ததைக் கவிழ்த்திருக்கலாம். அப்படியானால் நான் முதலில் சொன்ன "தனியாக யோசி" சரியாக இருந்திருக்கலாம், ஏஸும் படகும் மட்டும் தப்பு.

---

ராஜி அக்கா | 23 ஜூன், இரவு 9:25

இதற்குத்தான் நான் தலைகீழ் பார்ப்பதில்லை. ஹெர்மிட் எப்படிக் கிடந்தாலும் ஹெர்மிட், தனிமை அவருக்குள் இருக்கிறது. அது நல்ல தனிமையா கெட்ட தனிமையா என்பதைத் தோழியிடம் கேட்டால் போயிற்று. அவள் போனில்தானே இருக்கிறாள்?

---

நிலவன் | 23 ஜூன், இரவு 10:10

விழுந்த நிலையை வைத்துச் சொன்னீர்கள், அதுவும் ஒரு முறைதான். புரட்டியது தெரியாத பழைய படத்துக்கு வேறு வழியும் இல்லை. இனிமேல் வருவதைச் சரியாகப் பாருங்கள்.

---

முகிலன் | 4 நவம்பர் 2024, காலை 6:40

இழையை மறுபடி கிளப்புகிறேன். நேற்று இங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியாயிற்று. ஒன்பதரை மணி வித்தியாசம் இனி மார்ச் வரை பத்தரை. "இன்றைய சீட்டு" அனுப்புபவர்கள் துண்டுக் காகிதத்தில் யாருடைய இன்று என்று எழுதுங்கள். இங்கே ஞாயிறு இரவு எட்டுக்கு நான் எடுக்கும் சீட்டு உங்களுக்குத் திங்கள் காலை ஆறரைக்கு வருகிறது.

அப்புறம் தீராத கேள்வி ஒன்று. செல்டிக் கிராஸில் இரண்டாவது சீட்டு முதல் சீட்டின் மேல் குறுக்கே படுத்துக் கிடக்கும். அது நேரா, தலைகீழா? தலை இடப்பக்கம் இருந்தால் என்ன, வலப்பக்கம் இருந்தால் என்ன?

---

நிலவன் | 4 நவம்பர், காலை 8:05

குறுக்குச் சீட்டை எப்போதும் நேராகவே எடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். நான் தலை இடப்பக்கம் இருந்தால் நேர் என்று வைத்திருக்கிறேன். கட்டில் இருந்து எடுத்ததும் அதைக் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் கால் சுற்று சுற்றி வைப்பதால் வந்த கணக்கு. நீங்கள் மறுதிசையில் சுற்றினால் கணக்கு மாறும். படத்தில் பார்த்து எந்தத் திசையில் சுற்றினீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

---

ராஜி அக்கா | 4 நவம்பர், காலை 8:20

நான் சொல்லமாட்டேன், நீங்களே ஊகியுங்கள்.

---

கயல் | 4 நவம்பர், இரவு 9:10

துண்டுக் காகிதத்தில் "அ"வுக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறியும் போடச் சொல்லியிருக்கிறேன், குறுக்குச் சீட்டைச் சுற்றிய திசைக்கு. தோழி கேட்கிறாள், "இனிமே சீட்டை விடக் காகிதம் பெருசா இருக்குமா?"